இடைநிலையைக் கணிக்க எத்தனை பதிவுகள் வேண்டும்? சராசரிக்கான சூத்திரம் இங்கே ஏன் செல்லாது?

ஒரு உதவி எண்ணை அழைப்பவர்கள் பதில் கிடைக்கும்வரை எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள் என்று கணிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட நேரங்கள் ஒரு பக்கமாக நீண்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் பதில் கிடைத்துவிடும், சிலர் அரை மணி காத்திருப்பார்கள், ஓரிருவர் அதற்கும் மேல். அந்த ஓரிருவர் சராசரியை மேலே இழுத்துவிடுவதால், நடுவில் நிற்கும் அழைப்பாளர் எவ்வளவு காத்திருந்தார் என்பதைச் சொல்லும் இடைநிலைதான் இங்கே பொருத்தமான எண்.

சரி, இடைநிலையை ஒரு நிமிடம் முன்பின்னாகச் சொல்ல எத்தனை அழைப்புகளைப் பார்க்க வேண்டும்? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பாடத்தில் படித்த இந்தச் சூத்திரத்தைத்தான் எடுப்பார்கள்:

```
n = (1.96 × s / E)²
```

s என்பது திட்ட விலக்கம், E என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை, 1.96 என்பது 95% நம்பிக்கைக்கான எண். சூத்திரத்தில் தவறில்லை. ஆனால் அது சராசரிக்கு எத்தனை பதிவுகள் வேண்டும் என்பதற்கான பதில். நம் கேள்வி வேறு.

திட்ட விலக்கம் ஏன் பொருந்தாது

இதை உங்கள் கையிலிருக்கும் எண்களை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். முன்னோட்டமாக 80 அழைப்புகளின் காத்திருப்பு நேரங்களை எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். இப்போது கடைசி ஐந்து எண்களை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். சராசரி நகரும், திட்ட விலக்கம் எகிறும், மேலே உள்ள சூத்திரம் முன்பைவிட நிறையப் பதிவுகளைக் கேட்கும். இடைநிலையோ அசையாது. 40-வது, 41-வது எண்கள் முன்பு இருந்தபடியேதான் இருக்கின்றன, அவற்றின் அக்கம்பக்கமும் மாறவில்லை. வால்பகுதியில் என்ன நடந்தாலும் இடைநிலையின் துல்லியம் மாறுவதில்லை என்றால், வால்பகுதியைப் பார்த்து ஏறி இறங்கும் s அதன் சூத்திரத்தில் இருக்கக் கூடாது.

அப்படியானால் அந்த இடத்தில் எது வர வேண்டும்? இதற்கு இடைநிலையை நிமிடங்களாகப் பார்ப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, ஆட்களை எண்ணும் வேலையாகப் பார்க்க வேண்டும்.

உண்மையான இடைநிலை M என்று இருக்கட்டும். அது எத்தனை நிமிடம் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் எந்த அழைப்பை எடுத்தாலும் அது M-க்குக் கீழே விழ வாய்ப்பு சரிபாதி. 100 அழைப்புகளை எடுத்தால் M-க்குக் கீழே சுமார் 50 இருக்கும், சிலமுறை 44, சிலமுறை 57. இந்த எண்ணிக்கை ஈருறுப்புப் பரவலின்படி நடக்கும், அதன் திட்டப் பிழை 5. அதாவது 95% நம்பிக்கையோடு சொன்னால், M நம் பட்டியலில் ஏறத்தாழ 40-வது எண்ணுக்கும் 61-வது எண்ணுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. காத்திருப்பு நேரம் எந்த வடிவத்தில் பரவியிருந்தாலும் இது உண்மை. மாதிரி எடுப்பதால் வரும் பிழை முழுவதும் வரிசை எண்ணில்தான் இருக்கிறது, நிமிடத்தில் இல்லை.

இனி ஒரே ஒரு படி பாக்கி. 40-வது எண்ணுக்கும் 61-வது எண்ணுக்கும் நடுவே எத்தனை நிமிட தூரம்? அது அந்தப் பகுதியில் எண்கள் எவ்வளவு நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நெருக்கமாக இருந்தால் வரிசையில் பத்து இடம் தவறினாலும் அரை நிமிடம்தான் தவறும். கலைந்து கிடந்தால் அதே பத்து இடம் ஐந்து நிமிடமாகிவிடும். இந்த நெருக்கத்தைத்தான் அடர்த்தி என்கிறோம். இடைநிலை நிற்கும் புள்ளியில் அடர்த்தியை f என்று குறித்தால்:

```
n = 1.96² × p(1 − p) / (f × E)²
```

p என்பது நாம் தேடும் எண்ணுக்குக் கீழே விழும் அழைப்புகளின் பங்கு, இடைநிலைக்கு p = 0.5. 90-வது நூற்றுமானம் வேண்டுமென்றால் p = 0.9, f-ஐயும் அந்த 90-வது நூற்றுமானம் இருக்கும் இடத்தில் எடுக்க வேண்டும். மேலே உள்ள p(1 − p) வரிசைப் பிழையிலிருந்து வருகிறது. கீழே உள்ள f அதை நிமிடமாக மாற்றுகிறது. s எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முன்னோட்டத்திலிருந்து f-ஐ எடுப்பது

நடைமுறையில் சிக்கல் வருவது இங்கேதான். திட்ட விலக்கத்தை எந்தக் கருவியும் ஒரு நொடியில் கொடுத்துவிடும், ஒரு புள்ளியில் உள்ள அடர்த்தியை அவ்வளவு எளிதில் பெற முடியாது. நான் பரிந்துரைப்பது மிக எளிய வழி. அடுக்கிய 80 எண்களில் 40% இடத்தில் நிற்கும் எண்ணையும் 60% இடத்தில் நிற்கும் எண்ணையும் பாருங்கள், அதாவது 32-வதும் 48-வதும். அவை 7.1 நிமிடம், 10.3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 20% அழைப்புகள் 3.2 நிமிட அகலத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஆக f = 0.20 / 3.2 = 0.0625, அதாவது நடுப்பகுதியில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 6.25% அழைப்புகள்.

ஒரு நிமிடத் துல்லியம் வேண்டும், E = 1. கணக்கைப் போடலாம்:

```
1.96² × 0.25 = 0.9604
f²           = 0.00390625
n            = 0.9604 / 0.00390625 = 245.9, அதாவது 246
```

இதே முன்னோட்டத்தில் திட்ட விலக்கம் 9.4 நிமிடம் என்றால், சராசரிக்கான சூத்திரம் (1.96 × 9.4)² = 339.4, அதாவது 340 என்று சொல்லியிருக்கும். இந்த எடுத்துக்காட்டில் அது தேவைக்கு மேல் கேட்கிறது. வேறு தரவில் தேவைக்குக் குறைவாகவும் கேட்கும். எந்தப் பக்கம் தவறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆபத்தே அதுதான்.

ஏன் 40-க்கும் 60-க்கும் நடுவே, ஏன் 49-க்கும் 51-க்கும் நடுவே இல்லை என்று கேட்பீர்கள். 80 பதிவுகளில் 49%-க்கும் 51%-க்கும் நடுவே ஓரிரண்டு எண்கள்தான் இருக்கும். அவற்றின் இடைவெளி தற்செயலாகப் பாதியாகவோ மூன்று மடங்காகவோ அமையலாம். அகலத்தைக் கூட்டினால் கணிப்பு நிதானமாகும், ஆனால் இடைநிலையை விட்டு விலகிய பகுதிகளும் கலந்துவிடும். 40-60 ஒரு நல்ல சமரசம்.

அந்த 3.2-ஐயும் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். k இடங்கள் தள்ளி நிற்கும் இரண்டு எண்களின் இடைவெளியில் ஏறத்தாழ 1/√k பங்கு ஆட்டம் இருக்கும் என்பது ஒரு பயனுள்ள விதி. இங்கே k = 16, ஆகவே 25%. உண்மையான அகலம் 3.2-க்குப் பதில் 4.0 ஆக இருப்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. அப்போது f = 0.05, n = 385. அகலம் சூத்திரத்தில் வர்க்கமாக வருவதால் 25% தவறு பதிவு எண்ணிக்கையை 56% உயர்த்திவிடுகிறது. அதனால் 246 என்பதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்து, 385 வரை போகும் வசதியோடு திட்டமிடுங்கள். 150 பதிவு சேர்ந்ததும் அதே 40-60 அகலத்தை மறுபடி அளந்து n-ஐத் திருத்துங்கள். அகலத்தை மட்டும் பார்த்துத் திருத்துவதில் தவறில்லை. இடைநிலையின் மதிப்பு பிடித்த இடத்துக்கு வந்ததும் நிறுத்துவதுதான் தவறு.

முன்னோட்டமே இல்லை, f-ஐ ஊகிக்கவும் வழியில்லை என்றால், துல்லியத்தை நிமிடத்தில் கேட்காமல் வரிசையில் கேளுங்கள். என் இடைநிலை உண்மையில் 45-வது நூற்றுமானத்துக்கும் 55-வது நூற்றுமானத்துக்கும் நடுவே இருந்தால் போதும் என்று முடிவு செய்தால், n = 0.9604 / 0.05² = 384.2, அதாவது 385. கருத்துக்கணிப்புகளில் அடிக்கடி வரும் அதே 385 தான். இரண்டுமே விகிதத்தைக் கணிக்கும் வேலை என்பதால் இது தற்செயல் அல்ல.

1.57 என்ற பெருக்கெண்

சராசரிக்கு வந்த n-ஐ 1.57-ஆல் பெருக்கினால் இடைநிலைக்கான n கிடைத்துவிடும் என்ற குறுக்குவழி பரவலாகச் சொல்லப்படுகிறது. அது π/2. இயல்நிலைப் பரவலுக்கு அது சரி, அதற்கு மட்டும்தான் நம்பலாம். அடுக்குக்குறிப் பரவலை எடுத்தால் பெருக்கெண் 1, இரண்டுக்கும் ஒரே n போதும். நடுவில் கூர்மையாகக் குவிந்து இருபுறமும் நீளும் லாப்லாஸ் பரவலில் அது 0.5, அங்கே இடைநிலைக்குப் பாதி பதிவுகளே போதும். நம் உதவி எண் தரவில் 246-ஐ 340-ஆல் வகுத்தால் 0.72. குறுக்குவழியைப் பின்பற்றியிருந்தால் 534 அழைப்புகளைக் கேட்டிருக்கும்.

இன்னும் அடிப்படையான ஒரு காரணமும் உண்டு. நீங்கள் இடைநிலையைத் தேர்ந்ததே தரவு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால்தான். அப்புறம் இயல்நிலைப் பரவலை நம்பி நிற்கும் பெருக்கெண்ணைப் பயன்படுத்துவது முன்னுக்குப் பின் முரண்.

90-வது நூற்றுமானத்துக்குப் போகும்போது

இடைநிலைக்குப் போதுமான மாதிரி எல்லா நூற்றுமானங்களுக்கும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே 80 பதிவுகளில் 85% இடத்திலும் 95% இடத்திலும் உள்ள எண்களைப் பாருங்கள், 68-வதும் 76-வதும். அவை 18 நிமிடம், 28.5 நிமிடம் என்றால் 10% அழைப்புகள் 10.5 நிமிட அகலத்தில் சிதறிக் கிடக்கின்றன. f = 0.0095 தான். p(1 − p) 0.25-லிருந்து 0.09-ஆகக் குறைந்தது நமக்குச் சாதகம், ஆனால் f விழுந்த வேகத்துக்கு அது ஈடாகாது. ஒரு நிமிடத் துல்லியத்துக்கு n = 3812. மூன்று நிமிடம் முன்பின்னாகப் பரவாயில்லை என்றால் 424. இடைநிலைக்கு 246 போதுமாக இருந்த அதே தரவு இது.

இங்கே இரண்டு எண்களுக்கு நடுவே எட்டு இடங்கள்தான் என்பதால் அகலக் கணிப்பில் 35% ஆட்டம் இருக்கும். வால்பகுதிக்குத் திட்டமிடுபவர் முன்னோட்டத்தையே பெரிதாக எடுக்க வேண்டும். அதோடு, நம்பிக்கை இடைவெளி இருபுறமும் சமமாக வராது. மேல்பக்கம் எண்கள் மேலும் கலைந்திருப்பதால் மேல்கை நீளமாகவும் கீழ்கை குட்டையாகவும் அமையும். அறிக்கையில் ஒரே E-ஐ முன்பின்னாகப் போடாமல் இரண்டு முனைகளையும் எழுதுங்கள்.

இன்னும் வெளியே போனால் வேறொரு எல்லை வருகிறது. மாதிரியின் மிகப் பெரிய எண்ணே நாம் தேடும் நூற்றுமானத்தைத் தாண்டாமல் இருந்துவிடலாம். 95-வது நூற்றுமானத்தை மிகப் பெரிய எண்ணாவது 95% நம்பிக்கையோடு தாண்ட வேண்டுமானால் குறைந்தது 59 பதிவுகள் வேண்டும். 0.95-ஐ 59 முறை பெருக்கினால் 0.05-க்குச் சற்றுக் கீழே வருவதுதான் காரணம். 99-வது நூற்றுமானத்துக்கு 299. இவை துல்லியத்துக்கான எண்கள் அல்ல, மேல்முனை என்று ஒன்றைச் சொல்வதற்கே வேண்டிய குறைந்தபட்சம். இடைநிலைக்கு இரண்டு முனைகளையும் சொல்ல வேண்டிய குறைந்தபட்சம் 6. ஐந்து பதிவுகளில் சிறியதையும் பெரியதையும் முனைகளாக வைத்தாலும் நம்பிக்கை 93.75% தான்.

பதிவுகள் வந்த பிறகு

திட்டமிட f தேவைப்பட்டது. தரவு கைக்கு வந்துவிட்டால் அது தேவையே இல்லை. வரிசை எண்களை ஈருறுப்புப் பரவலிலிருந்து நேரடியாக எடுக்கலாம். 1936-இல் டபிள்யூ. ஆர். தாம்சன் காட்டிய வழி இது, இன்றும் நடுப்பகுதிக்கு இதைவிட எளிமையான, நம்பகமான முறை எனக்குத் தெரிந்து இல்லை. R-இல் ஒரே வரி:

```r
n <- 246; p <- 0.5
qbinom(c(0.025, 0.975), n, p) + c(0, 1)
# 108 139
```

246 நேரங்களை அடுக்கி, 108-வது எண்ணையும் 139-வது எண்ணையும் எடுத்தால் அவைதான் இடைநிலையின் 95% நம்பிக்கை இடைவெளி. மேல்முனைக்கு 1 கூட்டுவது மறந்துபோகக்கூடிய இடம், அதை விட்டால் நம்பிக்கை 95%-க்குக் கீழே இறங்கிவிடும். p-ஐ மாற்றினால் எந்த நூற்றுமானத்துக்கும் இதே வரிதான். 108-க்கும் 139-க்கும் நடுவே 31 இடங்கள், அதாவது 12.6% பதிவுகள். f நாம் கணித்தபடி 0.0625-ஆகவே இருந்தால் இடைவெளியின் அகலம் சுமார் 2 நிமிடம், ஒரு நிமிடம் முன்பின் என்று கேட்டதற்குச் சரியாக வருகிறது. அகலம் 3 நிமிடமாக வந்தால் முன்னோட்டம் அடர்த்தியை மிகைப்படுத்திவிட்டது என்று பொருள். இடைவெளி அப்போதும் செல்லும், ஆனால் நாம் விரும்பியதைவிட அகலமானது.

சூத்திரம் கைவிடும் இடங்கள்

முதலாவது, இடைநிலை ஒரு பள்ளத்தில் விழுவது. பாதி அழைப்புகளுக்குத் தானியங்கிக் குரல் இரண்டு நிமிடத்துக்குள் பதில் சொல்லிவிடுகிறது, மீதிக்கு ஒரு ஆள் 15 நிமிடத்துக்குப் பிறகு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 40% இடத்தில் 1.6 நிமிடம், 60% இடத்தில் 17 நிமிடம். அகலம் 15.4, கணக்குப் போட்டால் n ஏறத்தாழ 5700. அந்த எண்ணையும் நம்ப முடியாது, ஏனென்றால் சூத்திரம் அந்த அகலம் முழுக்க எண்கள் சீராகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. தானியங்கியின் பங்கு 48%-லிருந்து 52%-ஆக மாறினாலே இடைநிலை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாவிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வரைபடம் போதும், அல்லது 40-45, 45-50, 50-55, 55-60 என்ற நான்கு துண்டுகளின் அகலத்தைத் தனித்தனியே பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் பள்ளம் அங்கே. இப்படிப்பட்ட தரவுக்குப் பதிவுகளைக் கூட்டுவதில் பயனில்லை, இரண்டு குழுவையும் பிரித்துத் தனித்தனி இடைநிலை சொல்ல வேண்டும்.

இதற்கு எதிரானது எண்கள் ஒட்டிக்கொள்வது. கருவி காத்திருப்பை ஐந்து நிமிடங்களின் மடங்காகவே பதிவு செய்தால் 40% இடத்திலும் 60% இடத்திலும் 10 என்றே இருக்கும். அகலம் பூச்சியம், n-உம் பூச்சியம் என்று வரும். இப்படி வந்தால், 10 நிமிடத்துக்குள் பதில் பெற்றவர்களின் பங்கு எவ்வளவு என்று கேள்வியை மாற்றி, விகிதத்துக்கான கணக்கைப் போடுங்கள்.

மூன்றாவது, பதிவுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம். ஒரே மணி நேரத்தில் வந்த அழைப்புகள் ஒரே நெரிசலில் மாட்டியவை, அவற்றின் காத்திருப்பும் ஒன்றுபோல இருக்கும். மணிக்குப் பத்து அழைப்பு என்று கொத்தாக எடுத்தால் n-ஐ 1 + (m − 1)ρ என்ற எண்ணால் பெருக்க வேண்டும். m கொத்தின் அளவு, ρ கொத்துக்குள் உள்ள ஒற்றுமை. ρ = 0.2 என்றால் பெருக்கெண் 2.8, நம் 246 என்பது 689 ஆகிறது. பழைய பழக்கம் இங்கேயும் குறுக்கே வரும்: ρ-வை நிமிடங்களிலிருந்து கணக்கிடத் தோன்றும். இடைநிலைக்கு அது செல்லாது. ஒவ்வொரு அழைப்பையும் முன்னோட்டத்தின் இடைநிலைக்குக் கீழே என்றால் 1, இல்லையென்றால் 0 என்று மாற்றிவிட்டு, அந்த 0, 1 வரிசையின் ρ-வைத்தான் எடுக்க வேண்டும்.